நாலு வார்த்தை மிச்சம்

எங்கள் பத்திரிகையில் ஒரு படத்துக்குக் கீழே இருபது வார்த்தைதான் நிற்கும். இருபத்தொன்றாவது வார்த்தை உள்ளே வந்தால் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும். அதைக் குறைக்காமல் பக்கத்தை அச்சகத்துக்கு அனுப்ப முடியாது. சேலம், நாமக்கல் மாவட்டப் பக்கங்களுக்குப் பதினேழு வருஷமாக நான்தான் உதவி ஆசிரியர். நிருபர்கள் அனுப்பும் நீட்டலையெல்லாம் வெட்டி இருபதுக்குள் அடக்குவது என் வேலை. கலைமணி என்று அப்பா வைத்த பேரை ஆபீஸில் பாதிப் பேர் மறந்தாயிற்று. கத்தரி என்றால்தான் தெரியும். நானும் அதை ஒரு பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பெண்மணி வந்து என் மேஜைக்கு எதிரே நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையில் மஞ்சள் பை. அதற்குள்ளிருந்து அன்றைய பத்திரிகையை எடுத்து, மூன்றாம் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் விரித்தார்.

"ஏனுங் அம்மிணி, இது யாரு எழுதுனது?"

பக்கத்தின் நடுவே மூன்று பத்தி அகலத்துக்கு ஒரு படம். ஏரிக்கரை, மஞ்சள் பொக்லைன், அதன் முன்னால் மூன்று ஆண்கள். கீழே நான் எழுதிய வரி:

'நாச்சிக்குட்டை ஏரியில் பிடிபட்ட பொக்லைன் அருகே, இடமிருந்து: புகார் அளித்த விவசாயி கருப்பண்ணன், மண் திருட்டில் சிக்கிய அதன் உரிமையாளர் தனசேகர்.'

"நான்தாங்க்கா எழுதினேன். என்ன ஆச்சு?"

"எண்ணிப் பாருங்க. படத்துல எத்தனை ஆளு, உங்க எழுத்துல எத்தனை ஆளு?"

எண்ணினேன். படத்தில் மூன்று. எழுத்தில் இரண்டு.

"மொதல்ல நிக்கறவரு எங்கூரு வி.ஏ.ஓ. அவரைக் கருப்பண்ணன்னு போட்டுட்டீங்க. ரெண்டாவது நிக்கறவருதான் கருப்பண்ணன், எங்கூட்டுக்காரரு. அவியளை மண்ணுத் திருடுன தனசேகருன்னு போட்டுட்டீங்க. மூணாவது பல்லைக் காட்டிட்டு நிக்கறான் பாருங்க, அவந்தான் தனசேகரு. அவனுக்குப் பேரே இல்லாமப் பண்ணிட்டீங்க."

படத்தையும் வரியையும் மறுபடி பார்த்தேன். ஒரு பேர் விடுபட்டதும் மற்ற இரண்டு பேரும் ஒரு ஆள் இடப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டன. திருடன் என்ற பட்டம் புகார் கொடுத்தவர் தலையில் இறங்கிவிட்டது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பு நம்மேல் இருந்தால் அது முதலில் கோபமாகத்தான் வரும். "கோகுல்!" என்று கத்தினேன். பக்கம் வடிவமைக்கிற கோகுல்ராஜ் தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இந்தப் படத்துல ரெண்டு பேர்தானே இருந்தாங்க? மூணாவது ஆள் எங்கிருந்து வந்தாரு?"

"அக்கா, மொதல்ல ரெண்டு பத்திக்குத்தான் வெச்சோம். இடப்பக்கம் வி.ஏ.ஓ.வை வெட்டிட்டு உங்ககிட்ட காட்டுனேன். நீங்க அதைப் பார்த்துதான் எழுதினீங்க. அஞ்சரை மணிக்குப் பக்கத்து விளம்பரம் வரலைன்னு சொல்லிட்டாங்க. படத்தை மூணு பத்தியா இழுத்தேன். வி.ஏ.ஓ. திரும்ப வந்துட்டாரு. 'அக்கா, படம் அகலமாயிருச்சு'ன்னு சொன்னேனே. நீங்கதான் நிமிராமயே 'சரி அனுப்பு'ன்னீங்க."

சொன்னான்தான். எனக்கும் நினைவு வந்தது. படத்தின் ஓரம் மாறினால் படவிளக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸில் எழுதாத சட்டம். புதுசாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அதை ஓதிக்கொண்டிருந்ததே நான்தான். கோகுல்ராஜைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடதுங்க்கா" என்றேன். "உட்காருங்க."

அவர் உட்காரவில்லை.

"ஊருல எங்கூட்டுக்காரரை எல்லாத்துக்கும் தெரியும். ஊருக்குள்ள பிரச்சினை இல்லீங்க. எடப்பாடியில கட்டிக் குடுத்த புள்ளை காத்தால போனைப் போட்டு அழுவறா. மாமனாரு பேப்பரைக் கையில வெச்சுட்டு, 'உங்கப்பனா இது'ன்னு கேட்டாராம். அதைக் கேட்டதுலயிருந்து எங்கூட்டுக்காரரு மாட்டுக் கட்டுத்தரையிலயே உக்காந்துருக்காங்க. ஒரு வாய் சோறும் உங்கலை. அதுகூடப் பரவால்லீங்க. நாளைக்குக் காத்தால பதினோரு மணிக்கு ரெவின்யூ ஆர்.டி.ஓ. ஆபீசுல விசாரணை. வண்டியை உட்ருங்கன்னு தனசேகரு மனுக் குடுத்துருக்கறான். என்னன்னு குடுத்துருக்கறான் தெரியுங்களா? கருப்பண்ணந்தான் தன் காட்டுக்கு வண்டல் அடிக்கறதுக்கு வண்டியை வாடகைக்குக் கூப்புட்டாரு, ஆளுக மடக்குனதும் பேச்சை மாத்திட்டாருன்னு. இப்ப இந்தப் பேப்பரையும் எடுத்துட்டுப் போவான். 'பாருங்க, பேப்பருலயே அவரைத்தான் போட்டுருக்குது'ம்பான். வாட்ஸ்அப்புல ஏற்கெனவே உட்டுட்டான்."

"நாளைக் காலையில் திருத்தம் வரும்."

"எங்கியோ மூலையில பொடி எழுத்துலயா? அதெல்லாம் வேண்டாமுங்க. இதே படம். இதே எடம். மூணு பேருக்கும் அவங்கவங்க பேரு. அதைக் கண்ணுல பாத்துட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன்."

அப்போதுதான் உட்கார்ந்தார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால் அவரை யாரும் அவ்வளவு சுலபத்தில் கிளப்ப முடியாது என்று தெரிந்தது. பக்கம் முடிய ஆறு மணி ஆகும். மணி இரண்டே கால்.

செய்தி ஆசிரியர் வெங்கடாசலத்திடம் போனேன். நல்ல மனிதர். ஆனால் வக்கீல் நோட்டீஸ் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். நடந்ததைச் சொன்னேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அதே படத்தைத் திரும்பப் போட ஒப்புக்கொண்டார். "ஆனா வார்த்தையெல்லாம் நான் பார்த்துத்தான் போகணும்" என்று சொல்லி, கால் மணி நேரம் யோசித்துத் தானே ஒரு நகல் எழுதி அனுப்பினார்.

'நமது நாளிதழில் நேற்று வெளியான நாச்சிக்குட்டை ஏரி தொடர்பான புகைப்படத்தின் விளக்கக் குறிப்பில் தவிர்க்க இயலாத சில தொழில்நுட்பக் காரணங்களால் பெயர்கள் இடம் மாறி வெளிவந்திருக்கக்கூடும் என்று வாசகர்கள் சிலர் நமது கவனத்துக்குக் கொண்டுவந்துள்ளனர். இதனால் எவருடைய மனமேனும் புண்பட்டிருக்குமாயின் அதற்காக நமது நாளிதழ் தனது வருத்தத்தைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறது.'

முப்பத்தாறு வார்த்தை. அதைச் சத்தமாகப் படித்தேன். அந்த அம்மாள் கடைசி வரை கேட்டார்.

"இதுல எங்கூட்டுக்காரரு எங்கீங்க?"

இல்லை. முப்பத்தாறு வார்த்தையில் கருப்பண்ணன் என்ற ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் பூசி மெழுகல். யார் தப்புச் செய்தது என்று இல்லை, யாருக்குச் செய்தது என்று இல்லை. எங்கள் கம்ப்யூட்டருக்கும் தொழில்நுட்பத்துக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் தலை நிமிராததுதான் காரணம்.

"இதை வெட்டிப் பிரயோஜனமில்லை. புதுசாகவே எழுதறேன்" என்று வெங்கடாசலத்துக்குச் செய்தி போட்டேன். 'வார்த்தை ஜாக்கிரதை' என்று பதில் வந்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் யோசித்து, அளவைப் பார்க்காமல் முதலில் அடித்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

'நாச்சிக்குட்டை ஏரியில் மண் திருடிய பொக்லைன் அருகே, இடமிருந்து: கிராம நிர்வாக அலுவலர் தமிழரசு, மண் திருட்டைப் பிடித்துக் கொடுத்த விவசாயி கருப்பண்ணன், பொக்லைன் உரிமையாளர் தனசேகர். நேற்று இவர்கள் பெயர்களை இடம் மாற்றித் தவறாக வெளியிட்டுவிட்டோம். அதற்கு வருந்துகிறோம்.'

இருபத்தொன்பது. கட்டம் இரத்தச் சிவப்பு. அந்த அம்மாள் தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"செவப்பா இருக்குதே, அதென்னங்க?"

"ஒன்பது வார்த்தை அதிகம். குறைக்கணும்."

"எங்கூட்டுக்காரரு பேருல கை வெச்சுராதீங்க."

"வைக்க மாட்டேன்."

'மண் திருடிய பொக்லைன் அருகே' என்பதை முதலில் எடுத்தேன். பொக்லைன்தான் படத்தில் அத்தனை பெரிசாக நிற்கிறதே. கண்ணுக்குத் தெரிவதை எழுத்தில் சொல்வது வீண். நாலு போயிற்று, இருபத்தைந்து. 'கிராம நிர்வாக அலுவலர்' என்றால் மூன்று வார்த்தை, வி.ஏ.ஓ. என்றால் ஒன்று. ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். இருபத்து மூன்று. 'பிடித்துக் கொடுத்த' என்பதைப் 'பிடித்த' ஆக்கினேன். இருபத்திரண்டு.

"நான் திருடன் இல்லைன்னு அவிய சொல்றாப்பல ஒரு வார்த்தை போட முடியாதுங்களா?" என்றார்.

"வேண்டாங்க்கா. 'கருப்பண்ணன் திருடர் அல்ல'ன்னு போட்டா படிக்கிறவங்க மனசுல கருப்பண்ணனும் திருடரும் ஒண்ணா நிக்கும். அவர் செஞ்சதை மட்டும் சொல்வோம். திருட்டைப் பிடிச்சவர்னு. அது போதும்."

கொஞ்சம் யோசித்தார். "அதுஞ் செரிதான்" என்றார்.

'இவர்கள்' போயிற்று. இருபத்தொன்று. 'இடம் மாற்றி', 'தவறாக' இரண்டும் ஒரே வேலையைச் செய்தன. எதை வைப்பது? வெங்கடாசலமாக இருந்தால் 'இடம் மாற்றி' என்பதை 'இடம் மாறி' ஆக்கி வைத்துக்கொள்வார். பேர்கள் தாங்களாக எழுந்து இடம் மாறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். 'தவறாக' என்பதை வைத்தேன். பத்தொன்பது. கட்டத்தின் சிவப்பு போனது. கடைசி 'அதற்கு' தேவையே இல்லை. பதினெட்டு.

"ஓனருன்னு போட்டா அவனுக்கு அது பெருமையாட்டம் இருக்குதுங்க" என்றார் அந்த அம்மாள், தனசேகர் பேர் மேல் விரலை வைத்து. திரையில் விரல் ரேகை பதிந்தது.

அவர் சொன்னது நியாயம். ஆனால் திருடன் என்று போட முடியாது. கோர்ட்டு இன்னும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் வழக்குப் பதிவாகியிருக்கிறது, அது உண்மை. 'பொக்லைன் உரிமையாளர்' என்ற இரண்டை எடுத்துவிட்டு 'வழக்கில் சிக்கிய' என்ற இரண்டைப் போட்டேன். எண்ணிக்கை மாறவில்லை.

'நாச்சிக்குட்டை ஏரியில், இடமிருந்து: வி.ஏ.ஓ. தமிழரசு, மண் திருட்டைப் பிடித்த விவசாயி கருப்பண்ணன், வழக்கில் சிக்கிய தனசேகர். நேற்று பெயர்களைத் தவறாக வெளியிட்டோம், வருந்துகிறோம்.'

அந்த அம்மாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எட்டாவது வரை படித்தவராம். "பதினெட்டு. ரெண்டு மிச்சம்" என்றார்.

"மிச்சம் இருக்கிறது நல்லதுதான்" என்றேன். அது என் பழைய திமிர். முதல் நாள் நான் எழுதியது பதினாறு வார்த்தை. நாலு வார்த்தை மிச்சம் பிடித்தேன் என்று அன்றைக்கு உள்ளுக்குள் பெருமைப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது.

அனுப்புவதற்கு முன்னால் இடமிருந்து யார் யார் என்று நிருபர் அனுப்பிய மூலத்தோடு ஒத்துப்பார்க்க நினைத்தேன். ஒரு தடவை சூடு பட்டாயிற்று. மல்லூர் பக்கத்து நிருபர் மாதேஸ்வரன் அனுப்பிய நகலைத் திறந்தேன். மாதேஸ்வரனுக்குப் பேனாவைக் கீழே வைக்கத் தெரியாது. அவர் நகலை நான் முழுசாகப் படிப்பதே கிடையாது. பேர், ஊர், சம்பவம் மூன்றையும் பிடுங்கிக்கொண்டு மீதியைத் தூக்கி எறிந்துவிடுவேன். அன்றைக்கு முதல் வார்த்தையிலிருந்து படித்தேன்.

'சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டி ஒன்றியம் நாச்சிக்குட்டை கிராமத்தில் அமைந்துள்ள பழமையும் பெருமையும் வாய்ந்த நாச்சிக்குட்டை ஏரியில் நேற்று அதிகாலை அனுமதியின்றி பொக்லைன் இயந்திரம் மூலம் மண் அள்ளப்பட்டதாகவும் அதனைக் கண்ட விவசாயி கருப்பண்ணனின் மனைவி காளியாத்தாள் என்பவர் இயந்திரத்தின் முன் நின்று தடுத்ததாகவும் அதனைத் தொடர்ந்து கருப்பண்ணன் புகார் அளித்ததன் பேரில் வி.ஏ.ஓ. தமிழரசு நேரில் வந்து பார்வையிட்டு பொக்லைன் உரிமையாளர் தனசேகரிடம் விசாரணை மேற்கொண்டு இயந்திரத்தைப் பறிமுதல் செய்தபோது எடுத்த படம். இடமிருந்து வி.ஏ.ஓ. தமிழரசு, கருப்பண்ணன், தனசேகர் மற்றும் பலர் உள்ளனர்.'

அறுபது வார்த்தை. நடுவில் 'என்பவர்' என்று ஒருத்தர். திரும்பிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்.

"அக்கா, உங்க பேரென்ன?"

"காளியாத்தாளுங்க."

"பொக்லைன் முன்னால நின்னு தடுத்தது நீங்களா?"

"ஆமாங்க. வெடியால அஞ்சு மணிக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன். ஏரிக்குள்ள லைட்டு எரிஞ்சுது. போயிப் பாத்தா அள்ளிட்டு இருக்கறாங்க. வண்டிக்கு முன்னால போயி நின்னுட்டேன். டிரைவரு ஆரனை அடிச்சான், வாளியைத் தலைக்கு மேல தூக்குனான். ஏத்துனா ஏத்துடான்னு நின்னேன். தனசேகரு வந்து, 'சித்த வெலகுங்க, பேசிக்கலாம்'னான். வெலகுலீங்க. வெளிச்சம் வந்து ஆளுக வர்ற முட்டும் நின்னேன்."

"படத்துல நீங்க இல்லையே?"

"பால் சொசைட்டிக்கு நேரமாச்சுங்களே. எல்லாரும் வந்துட்டாங்கன்னு நான் மாட்டைக் கறக்கப் போயிட்டேன். அப்பறந்தான் இந்த போட்டோக்காரரு வந்தாப்பல."

எனக்கு அந்த நிமிஷம் என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உயிரைப் பணயம் வைத்து ஏரியைக் காப்பாற்றியவரை நான்தான் சளசளப்பு என்று வெட்டி எறிந்திருக்கிறேன். அவரும் புருஷன் பேரை நேராக்க இத்தனை தூரம் பஸ் ஏறி வந்து, இரண்டு மணி நேரமாக ஒவ்வொரு வார்த்தைக்கும் சண்டை போட்டுக்கொண்டு, தன்னைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"நாளைக்கு விசாரணையில நீங்க சொல்வீங்கதானே?"

"நோட்டீசு அவிய பேருக்குத்தான் வந்துருக்குதுங்க. புகாருல கையெழுத்துப் போட்டது அவிய. நானுங்கூடப் போயி வெளிய உக்காந்துருப்பேன். அவியளும் அங்க வந்து சேந்ததே ஆறு மணிக்குத்தான். வண்டி ஓடுனதைக் கண்ணுல பாத்தீங்களான்னு கேட்டா அவிய என்ன சொல்லுவாங்களோ. பொய் சொல்லத் தெரியாத மனுசனுங்க."

அப்படியானால் அந்த ஏரியில் வண்டி ஓடியதை, தனசேகர் அங்கே நின்றதைப் பார்த்த சாட்சி ஒரே ஒருவர்தான். அவர் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. இருந்த ஒரே காகிதத்திலும் நான் அடித்துவிட்டேன்.

இரண்டு வார்த்தை மிச்சம். 'மனைவி' ஒன்று, 'காளியாத்தாளுடன்' ஒன்று. தமிழரசுக்கு அடுத்த இடத்தில் செருகினேன். கட்டம் இருபதில் நின்றது. சிவக்கவில்லை.

காளியாத்தாள் திரையை எட்டிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஏனுங் அம்மிணி, என்னையக் கொண்டு போயி வி.ஏ.ஓ. ஊட்டுல வெச்சுட்டீங்களே!"

பார்த்தேன். 'வி.ஏ.ஓ. தமிழரசு, மனைவி காளியாத்தாளுடன்' என்று நின்றது. தலையில் அடித்துக்கொண்டேன். ஒரே படத்துக்கு இரண்டாவது திருத்தம் போட்டிருந்தால் என்னை வேலையை விட்டே தூக்கியிருப்பார்கள். இரண்டு வார்த்தையையும் 'திருட்டை' என்பதற்குப் பின்னால் தள்ளினேன். 'மண் திருட்டை மனைவி காளியாத்தாளுடன் பிடித்த விவசாயி கருப்பண்ணன்.' இப்போது சரி.

"என் பேரு எதுக்குங்க? நாந்தான் படத்துல இல்லையே. அவிய பேரு நேராச்சு, அது போதுமுங்க."

"இருக்கட்டும்" என்றேன். "உண்மையில் உங்க பேருதான் முதல்ல வரணும். இருபதுக்குள்ள என்னால இவ்வளவுதான் முடிஞ்சுது."

வெங்கடாசலம் அறையிலிருந்து வெளியே வந்தார். திருத்தத்தைப் படித்தார். 'வழக்கில் சிக்கிய' என்பதற்கு வழக்கு எண் கேட்டார். மாதேஸ்வரனுக்குப் போன் போட்டு வாங்கிக் கொடுத்தேன். 'தவறாக' என்ற வார்த்தையில் கொஞ்ச நேரம் நின்றார்.

"தொழில்நுட்பக் காரணம்னு..."

"இல்லீங்க சார். காரணம் நான்தான். 'தவறாக'ன்னே போகட்டும்."

அவர் அடுத்து 'காளியாத்தாளுடன்' என்ற இடத்தில் விரல் வைத்தார்.

"இவங்க படத்துல எங்கே இருக்காங்க, கலைமணி? படத்துல இல்லாத ஆள் பேரைப் படவிளக்கத்துல போடற வழக்கம் நம்மகிட்ட இல்லையே. புதுசு வந்தா நீதானே இதைச் சொல்லிக் குடுப்பே."

"போன வாரம் இதே பக்கத்துல சாக்கடை தூர் வாரற படத்துக்கு 'அமைச்சர் உத்தரவின்பேரில்'னு போட்டோம். அமைச்சர் சாக்கடைக்குள்ளயா நின்னாரு?"

கோகுல்ராஜ் சிரித்துவிட்டான். வெங்கடாசலத்தின் மூக்கு சிவந்தது. நான் விடவில்லை. "சார், நிருபர் நகல்ல இவங்க பேரு இருக்கு. வெட்டினது நான். பேரை மாத்திப் போட்டது மட்டும் தப்பில்லை, இதுவும் தப்புத்தான். ரெண்டையும் சேர்த்துத் திருத்தறேன். இருபது வார்த்தைக்கு மேல ஒண்ணுகூடக் கேட்கலை."

"நகல்ல இருக்கா? எங்கே?"

அறுபது வார்த்தையையும் அவர் நின்றபடியே படித்தார். படித்துவிட்டுக் காளியாத்தாளைப் பார்த்தார். அவர் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"உட்காருங்கம்மா" என்றார் வெங்கடாசலம். பிறகு என்னிடம், "போகட்டும்" என்றார்.

மணி ஐந்தே முக்கால். கோகுல்ராஜ் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தான். படத்தின் ஓரங்களை யாரும் தொடவில்லை, மூன்று பத்தி, அதே இடம். நான் முதல் முகத்தில் விரலை வைத்தேன், "வி.ஏ.ஓ. தமிழரசு" என்றேன். காளியாத்தாள், "ஆமாங்க" என்றார். இரண்டாவது முகம். "கருப்பண்ணன்." "ஆமாங்க." மூன்றாவது. "தனசேகர்." "அவனேதான்." அதற்குப் பிறகுதான் அனுப்பு என்றேன். இந்தத் தடவை தலை நிமிர்ந்து கோகுல்ராஜின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"வாரேனுங் அம்மிணி" என்று காளியாத்தாள் கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி, "அஞ்சு பேப்பரு சேத்து அனுப்பச் சொல்லுங்க. எடப்பாடிக்கு ஒண்ணு வேணும்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் மண்டைக்குள் ஓடியது. முதல் நாள் நான் மிச்சம் பிடித்தது நாலு வார்த்தை. படம் அகலமானதும் 'வி.ஏ.ஓ. தமிழரசு' என்று சேர்த்திருந்தால் இரண்டு. 'மனைவி காளியாத்தாளுடன்' என்று போட்டிருந்தால் இரண்டு. நாலும் சரியாகப் போயிருக்கும். இடம் இல்லாமல் நான் அவர்களை வெட்டவில்லை. வெட்டுவது பழகிப்போனதால் வெட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை பதினொரு மணியிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பன்னிரண்டரைக்கு மாதேஸ்வரன் போன் செய்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலிருந்து பேசினார். சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"ஏனுங்க மேடம், இங்க என்னாச்சு தெரியுங்களா! தனசேகரோட வக்கீலு நேத்துப் பேப்பரை நீட்டுனாரு. கருப்பண்ணன் இன்னைக்குப் பேப்பரை நீட்டுனாரு. ஆர்.டி.ஓ. நம்ம வரியைச் சத்தமாப் படிச்சாருங்க. படிச்சுட்டு, 'வண்டி ஓடினதை யாராச்சும் பார்த்தாங்களா?'ன்னாரு. வக்கீலு, 'அப்படிச் சாட்சியே இல்லை சார்'னு சொன்னாரு. உடனே ஆர்.டி.ஓ., 'இதுல காளியாத்தாள்னு ஒருத்தங்க பேர் இருக்கே, இவங்க எங்கே?'ன்னு கேட்டாரு. வெளிய வராண்டாவுல உக்காந்துருந்தாங்க. உள்ளே கூப்புட்டாங்க."

"சொன்னாங்களா?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! வண்டி நம்பரு, டிரைவரு சட்டைக் கலரு, எத்தனை டிப்பர் லோடு போச்சு, தனசேகரு எங்க நின்னாரு, என்ன சொன்னாரு, ஒண்ணு விடலைங்க. அப்படியே எழுதி வாங்கிட்டாங்க. வண்டியை விட முடியாதுன்னுட்டாரு. மனுத் தள்ளுபடி. கருப்பண்ணன் அங்கயே அழுதுட்டாருங்க."

கோகுல்ராஜ் பார்க்கிறான் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"படம் எடுத்தீங்களா?"

"எடுக்காம இருப்பேனுங்களா? அனுப்பிட்டேன், நகலும் கூடவே வருது. கொஞ்சம் நீளமாப் போச்சுங்க, கோவிச்சுக்காதீங்க."

நகல் வந்தது. கொஞ்சம் நீளமா? எழுபத்தாறு வார்த்தை. பழமையும் பெருமையும் வாய்ந்த ஏரி இதிலும் இருந்தது. முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை இரண்டு தடவை படித்தேன். அதற்கு அப்புறம்தான் படத்தைத் திறந்தேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் படிக்கட்டு. கையில் அதே மஞ்சள் பை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காளியாத்தாள் தனியாக நின்றிருந்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை, ஓரத்தில் வெட்டவும் ஆள் இல்லை.

கட்டத்தைத் திறந்து முதல் வார்த்தையாக அவர் பேரை அடித்தேன். மீதி பத்தொன்பதும் அவருக்கே இருந்தது. 'இடமிருந்து' என்ற வார்த்தை இந்தத் தடவை தேவைப்படவே இல்லை.